பார்க்காமல் சொன்ன நூறு ரூபாய்

"எவனாவது சொன்ன முதல் விலைக்கு இந்தத் தவசி தலையாட்டிட்டான்னு ஒரு சேதி உங்க காதுக்கு வந்துச்சுன்னா, என் தோள்ல கிடக்குற இந்தத் துண்டை உருவி மாட்டுக் கழுத்துல கட்டிருங்கய்யா. அன்னையோட நான் தரகன் இல்லை!"

நாற்பத்தெட்டாம் வருஷத்துப் புரட்டாசியில், அருப்புக்கோட்டை மாட்டுச் சந்தையின் நடுவே, ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு திருச்சுழி தவசி இவ்வாறு பிரகடனம் செய்தார். தேசம் விடுதலை பெற்ற மறுவருஷம் ஆதலால், கல்லின்மேல் ஏறிப் பிரகடனம் செய்யும் வழக்கம் எங்கள் சீமையில் அப்போது பரவலாக இருந்தது. மற்றவர்களின் பிரகடனங்களை யாரும் நம்பவில்லை. தவசியுடையதை எல்லோரும் நம்பினார்கள். அதற்கு வலுவான சாட்சிகள் இருந்தன.

தவசி மாட்டுத் தரகர். மாட்டுத் தரகு என்பது வாயால் செய்கிற தொழில் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கையால் செய்கிற தொழில் அது. வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விலைக்குத் தக்கபடி விரலைப் பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது என்று ஒரு பெரிய யுத்தம் நடக்கும். வெளியே இருவரும் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தவசியின் துண்டுக்குள் போன கை, கேட்ட விலையோடு திரும்பி வந்ததில்லை.

இந்தக் கலையை அவர் மாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "நின்னுக்கிட்டே வாரேன், காலணா குறைச்சுக்க" என்பார். காய்ச்சலுக்கு ஊசி போட வந்த டாக்டரிடம், இரண்டு ஊசியை ஒரு ஊசியாகக் குறைக்கும்படி பேசி, ஒன்றரை ஊசியில் முடித்தவர் என்று அவருடைய எதிர்த் தரகர் மொக்கையன் சொல்லித் திரிந்தார். மொக்கையன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினாலும் முக்கால் ஊசி நிற்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அது இரண்டு சக்கரத்தில் ஓடியது. சில நாள் ஓடாமலும் இருந்தது.

அவருடைய சைக்கிளுக்கு 'மயிலை' என்று பெயர். யுத்த காலத்தில் சீமையிலிருந்து கப்பல் வராமல், பழைய வண்டியைப் புது வண்டி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்களே, அப்போது மதுரையில் வாங்கியது. வாங்கும்போது கறுப்பு. வண்ணம் உரிந்து உரிந்து மயிலைக்காளையின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டதால் அந்தப் பெயர். ஐந்து வருஷம் கரிசல் காட்டில் மிதிபட்டிருந்தது. மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் களிமண் அடைத்துச் சக்கரம் சுற்றாமல் போகும். அந்த நாட்களில் தவசி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நரிக்குடிக்கு நடப்பார். இப்போது பின்சக்கரத்துப் பிரீவீல் வழுக்க ஆரம்பித்திருந்தது. நாலு மிதி மிதித்தால் இரண்டு மிதிக்குத்தான் வண்டி நகரும். மற்ற இரண்டும் காற்றோடு போய்விடும்.

தரகு வேலையில் முதலில் போய் நிற்கிறவனுக்குத்தான் மாடு. ஒரு வீட்டில் காளை விற்கப்போகிறார்கள் என்ற வாசனை அடித்ததும் பறக்க வேண்டும். மூன்று மாதமாக எந்த ஊருக்குத் தவசி போனாலும், அங்கே மொக்கையன் ஏற்கனவே மோர் குடித்து முடித்திருந்தார். இன்னும் ஒரு மாதம் மயிலையை நம்பினால் திருச்சுழிப் பக்கத்து மாடெல்லாம் மொக்கையன் துண்டுக்குள் போய்விடும் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே புது வண்டி வேண்டும். கையில் நூற்று முப்பது ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டும் என்றாலும் மனைவி முருகேஸ்வரியின் காதில் ஆடுகிற தண்டட்டியைத்தான் கேட்க வேண்டும். முருகேஸ்வரி இதை முன்கூட்டியே ஊகித்துத் தன் கருத்தைத் தெரிவித்திருந்தாள்.

"காதுல கை வச்சீகன்னா, அந்தக் கை துண்டுக்குள்ள போறதுக்கு இருக்காது."

மேற்படி பிரகடனம் செய்த அதே நாளில்தான் தவசி, அருப்புக்கோட்டைக் கடைவீதியில் செல்வதுரையின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தார். கடை வாசலில் கண்ணைப் பறிக்கும் புது வண்டிகள் வரிசையாக நின்றன. கப்பல் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது. பழைய சைக்கிளைக் கொடுத்துப் புது சைக்கிள் பெறலாம், இந்தச் சனிக்கிழமை வரை மட்டும் என்று அதில் எழுதியிருந்தது.

செல்வதுரை சிரித்த முகத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். மற்ற ஆறு நாளும் வாடிக்கையாளர்களை வாசிப்பார்.

"வாங்க அண்ணாச்சி! உங்களைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் புதுசு இருநூத்தி இருபது. உங்க பழசுக்கு நான் குடுக்குறது…" என்று நிறுத்தி, வாசலில் சாத்தியிருந்த மயிலையின் பக்கம் திரும்பாமலே, "நூறு!" என்றார்.

தவசி காதைத் தேய்த்துக்கொண்டார். மயிலைக்கு நூறு! முப்பது என்று ஆரம்பிப்பான், நாற்பத்தைந்தில் முடிக்கலாம் என்று துண்டைத் தயார் செய்துகொண்டு வந்தவர் அவர்.

"பார்க்காமயா சொல்லுதீக?"

"உங்க வண்டியைப் பாக்கணுமா அண்ணாச்சி? உங்களைத் தெரியாதா?" செல்வதுரை நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு வாடகைக்கு விடப் பழைய வண்டி வேணும். மணிக்கு ஒரு அணா. சந்தை நாள்ல கேட்டுக் கேட்டு அடிச்சுக்கிடுதாங்க. வண்டி மட்டும் வந்தாப் போதும். விளக்கு, கேரியர், மணி, ஸ்டாண்டு இதையெல்லாம் நான் கணக்குல சேக்கலை. கேரியர் இருந்தாலும் நானே கழட்டிருவேன், இல்லைன்னா ஒரு ஆள் வாடகையில மூணு பேரு போவான். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இது பார்க்காம சொன்ன விலை. பேரம் பேசுறதா இருந்தா வண்டியைக் கடை ஸ்டாண்டுல ஏத்தி, சுத்திப் பாத்துட்டுத்தான் பேசுவேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார் தவசி. இது அவர் வழக்கம். கிணற்றில் விழுந்தவனைக் கயிறு போட்டுத் தூக்க வந்தாலும் யோசித்துச் சொல்கிறேன் என்பார்.

திருச்சுழி வரைக்கும் பத்து மைல். வழியெல்லாம் பிரீவீல் வழுக்கியது. தவசிக்கு அது தெரியவே இல்லை. மயிலைக்கு நூறு ரூபாய் மதிப்பு இருப்பதை அவர் எப்போதோ உணர்ந்திருந்ததாகவும், உலகம் இப்போதுதான் கண்டுகொண்டதாகவும் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இறங்கும்போது சீட்டைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முருகேஸ்வரியிடம் சொன்னார். "நூறு, ஏ புள்ள! நம்ம மயிலைக்கு! போக நூத்தி இருபது குடுத்தாப் போதும், புது வண்டி. கையில பத்து மிச்சம். உன் தண்டட்டி உன் காதுல!"

முருகேஸ்வரி சந்தோஷப்பட்டாள். ஆனால் அவள் சந்தோஷம் எப்போதும் ஒரு கேள்வியோடுதான் வரும். "தனியா வித்தா என்ன கிடைக்கும்னு கேட்டீகளா?"

தவசி திகைத்தார். ஊரில் உள்ள மாட்டையெல்லாம் நாலு பேரிடம் விலை கேட்டு விற்றுக்கொடுக்கிற மனிதர், தன் சொந்த வண்டிக்கு ஒரே ஒருவரிடம் கேட்டுவிட்டு ஆனந்தக் கூத்தாடுகிறார் என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். உடனே அதைத் தன்னுடைய யோசனையாகவே மாற்றிக்கொண்டு, "அதைத்தான் நாளைக்குச் செய்யலாம்னு இருந்தேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே வாங்குகிறவர் வாசலுக்கு வந்துவிட்டார். நரிக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபை உபதேசியார் ஞானராஜ். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு நடந்து நடந்து செருப்பையும் பொறுமையையும் தேய்த்தவர். மயிலை விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டாராம். எங்கள் ஊர்களில் சேதிக்குப் பிரீவீல் வழுக்குவதே இல்லை.

"எண்பது தாரேன், தரகரே" என்றார் உபதேசியார், உட்காருவதற்கு முன்பே.

தவசி உள்ளே பார்த்துக் கண்ணடித்தார். அங்கே நூறு, இங்கே எண்பது. கடைக்காரன் பக்கம் இருபது ரூபாய் லாபம். "செல்வதுரை நூறு குடுக்கான்" என்று பெருமையாகச் சொன்னார். "நூறு குடுத்து, புது வண்டியை இருநூத்தி இருபதுக்குத் தாரான்."

உபதேசியாரின் புருவம் ஏறியது. "எந்த வண்டி? வாசல்ல முதல்ல நிக்குதே, பச்சைக் கோடு போட்டது?"

"அதேதான்."

"போன வியாழக்கிழமை அதை நான் விலை கேட்டேனே. ரொக்கம் நூத்தித் தொண்ணூறுன்னார். அம்புட்டு ஏலாதுன்னுதான உம்ம வண்டிக்கு வந்தேன்."

வீட்டுக்குள் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. முருகேஸ்வரி வெளியே வந்தாள்.

"பழசு இல்லாம வாரவுகளுக்கு நூத்தித் தொண்ணூறு. பழசோட வாரவுகளுக்கு இருநூத்தி இருபது. அப்ப முப்பதைக் கூட்டி வச்சுட்டு நூறு குடுக்கான். நம்ம மயிலைக்கு அவன் குடுக்குறது எழுபதுதான்." அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாட்டுக்கு மாடு மாத்தையில நீங்க எதைப் பாப்பீக?"

"மேல்பணத்தை" என்றார் தவசி, தொழில் மரியாதை காரணமாக உண்மையைச் சொல்லி.

மாடு மாற்றுகிற இடத்தில் இரண்டு பக்கமும் தன் மாட்டை இந்திரலோகத்து மாடு என்பார்கள். இவன் ஐந்நூறு என்பான், அவன் அறுநூறு என்பான். தரகன் அதையெல்லாம் காதில் வாங்க மாட்டான். மாட்டை மாற்றிக்கொண்டு, மேலே கையில் எவ்வளவு வைக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் பார்ப்பான். இருபது வருஷமாக இதை ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் தவசி. தன் மாட்டை ஒருவன் புகழ்ந்ததும் மறந்துபோனார். மாடு விற்கிறவனை அவர் எத்தனை முறை இப்படித்தான் கவிழ்த்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்திருந்தால், செல்வதுரையின் மேல் ஒரு சகோதர பாசமே வந்திருக்கும். வரவில்லை.

"ஏமாத்துப் பய!" என்று எழுந்து நின்றார். "உபதேசியாருக்கே வித்துட்டு, நூத்தித் தொண்ணூறை அவன் மூஞ்சியில வீசி வாங்குதேன். எண்பது போக நூத்திப் பத்து. அவன்கிட்ட நூத்தி இருபது. இப்பப் பத்து ரூபா நமக்கு!"

உபதேசியார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். பேரம் தெரியாத ஆள் போலத் தோற்றமளிக்கிற ஒருவர் தொண்டையைச் செருமினால் தரகன் உஷாராக வேண்டும். தவசி உஷாராகவில்லை.

"ஒரு வட்டம் ஓட்டிப் பாத்துட்டு வாரேனே."

போனார். போகும்போது வண்டியின்மேல் போனார். வரும்போது வண்டி அவர்மேல் சாய்ந்துகொண்டு வந்தது.

"பின் டயரு போயிருச்சு, தரகரே. அதை மாத்தித் தரணும். பிரீவீலு வழுக்குது, சரி, அதுக்குத்தான எண்பதுன்னேன், இல்லாட்டித் தொண்ணூறு சொல்லியிருப்பேன். அப்புறம் கேரியர் இருக்கணும், வீட்டுக்காரி ரூத்து பின்னாடி உக்காரணும். டைனமோ விளக்கு இருக்கணும், சாயங்கால ஜெபம் முடிஞ்சு இருட்டுல வாரேன், போலீஸ்காரன் பிடிக்கான். மணி, ஸ்டாண்டு. இதெல்லாம் சேந்துதான் எண்பது."

தவசியின் கை தானாகத் தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. "அதெல்லாம் எப்படிய்யா தாரது? மாட்டை வித்தாக் கயிறைக் குடுப்பாகளா?"

இதைச் சாதாரணப் பேச்சாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் மாடு விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவான். கயிற்றைக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது ஐதீகம். இந்த ஐதீகத்தின்படி டைனமோவும் கேரியரும் கயிறு என்பது தவசியின் வியாக்கியானம். சாஸ்திரங்கள் இது பற்றி மௌனமாக இருக்கின்றன.

"கயிறு இல்லைன்னா ஐம்பத்தெட்டு" என்றார் உபதேசியார். "டயரு அப்பவும் மாத்தணும். அதோட ஒண்ணு. உம்மகிட்ட மாடு வாங்கினா எட்டு நாளுக்குள்ள கெட்ட சுழி தெரிஞ்சாத் திருப்பிக்கிடுவீரு. அதே பேச்சுதான இதுக்கும்?"

எட்டு நாளில் மயிலை எத்தனை சுழி காட்டும் என்பது தவசிக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால், தவசி சுழி மறைத்து வண்டி விற்றான் என்று மொக்கையன் நாலு ஊருக்கும் மோர் குடிக்கும் இடத்திலெல்லாம் சொல்வார். அதன்பிறகு யார் அவரை நம்பி மாடு வாங்குவார்கள்?

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். உபதேசியார் புன்னகையோடு நடையைக் கட்டினார்.

அதன்பின் தவசியும் முருகேஸ்வரியும் வாசலில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு கொட்டை பத்து ரூபாய்.

"இந்தப் பக்கம் தனி விப்பு" என்று முருகேஸ்வரி பிரித்து வைத்தாள். "புதுசு நூத்தித் தொண்ணூறு. உபதேசியார் எண்பது. போக நூத்திப் பத்து. அவருக்கு டயரு ஒம்பது ரூபா. நூத்திப் பத்தொம்போது. விளக்கு, கேரியர், மணி, ஸ்டாண்டு எல்லாம் அவரோட போயிரும். புது வண்டி மொட்டையாத்தான வருது? நமக்குப் புதுசா மாட்ட என்ன ஆகும்?"

"இருபத்திரண்டு."

"நூத்தி நாப்பத்தொண்ணு. கையில இருக்கது நூத்தி முப்பது." அவள் தன் காதைத் தொட்டுக்கொண்டாள். கொட்டைகள் தண்டட்டியை நோக்கி நகர்வது போல் தவசிக்குத் தோன்றியது.

"கயிறைக் கழட்டிக்கிட்டு ஐம்பத்தெட்டுக்கு வித்தா?"

"நூத்தித் தொண்ணூறுல ஐம்பத்தெட்டு போக நூத்தி முப்பத்திரண்டு. டயரு ஒம்பது. அதுவும் நூத்தி நாப்பத்தொண்ணு. உபதேசியார் கணக்கு உங்களை விடத் தெளிவு." அவள் இன்னொரு பக்கம் கொட்டைகளை வைத்தாள். "இங்க கடைக்காரன். மேல்பணம் நூத்தி இருபது. டயரு அவன் பாடு. வழுக்கல் அவன் பாடு. எட்டு நாளுன்னு நம்ம வாசலுக்கு வர மாட்டான். விளக்கும் கேரியரும் வேண்டாம்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான். கயிறு நம்ம கையில, கழட்டிப் புதுசுல மாட்டிக்கிடலாம்."

தவசி துள்ளி எழுந்தார். நேற்று நூறு என்றதும் துள்ளினார், இன்று காலை ஏமாற்றுப் பயல் என்று துள்ளினார், இது மூன்றாவது துள்ளல். முந்தைய இரண்டைவிட இதுதான் உயரம். "அவன் முப்பதை ஏத்தி வச்சும் நமக்கு இருபத்தியொரு ரூபா லாபம்! அட, அந்த நூத்தி இருபதையும் சும்மா விடப்போறதில்லை. துண்டைப் போட்டு நூத்திப் பத்துக்கு இழுக்கேன் பாரு. நூத்தித் தொண்ணூறு ரொக்க விலை எனக்குத் தெரியும்டான்னு ஒரு அடி அடிச்சேன்னா…"

"அடிச்சீகன்னா வண்டியை ஸ்டாண்டுல ஏத்துவான்."

தவசி உட்கார்ந்தார்.

"பார்க்காத வரைக்கும் நூறு" என்றாள் முருகேஸ்வரி. "பேரம் பேசினாப் பார்ப்பான். பாத்தான்னா மயிலை என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். போங்க. போயி, வாயைத் தொறக்காம வாங்கிட்டு வாங்க."

இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் கணவரிடம் கேட்ட மிகக் கொடூரமான உதவி இதுதான்.

சனிக்கிழமை. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. டைனமோ, கேரியர், மணி, ஸ்டாண்டு எல்லாம் ஒரு சாக்கில் கட்டி முதுகில் தொங்க, மொட்டையாகிப்போன மயிலையின்மேல் தவசி அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். செல்வதுரையின் கடை வாசலில் பெரிய கூட்டம். சந்தை ஆட்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். தவசி வண்டி மாற்ற வருகிறார் என்ற சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டது. மாட்டுத் தரகனும் சைக்கிள் கடைக்காரனும் மோதுகிற காட்சியை டிக்கெட் இல்லாமல் பார்க்க யாருக்கு மனம் வராது?

ஆனால் அவருக்கு முன்னால் மொக்கையன் நின்றார். எங்கேயும் போல இங்கேயும்.

"ஏலே தவசி, வந்துட்டியா? நில்லு, தொழில் எப்படிச் செய்யணும்னு பாத்துக்க." மொக்கையனின் சைக்கிள், மயிலையைவிடப் பார்வைக்கு நல்ல வண்டி. செல்வதுரை அதற்கும் பார்க்காமலே நூறு என்று சொல்லியிருந்தார். மொக்கையன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நூத்தி முப்பது!" என்றார்.

"பேரமா அண்ணாச்சி?" என்று செல்வதுரை அன்போடு கேட்டார். "அப்பச் சரி. ஏத்துங்க."

வண்டி ஸ்டாண்டில் ஏறியது. செல்வதுரை பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சக்கரம் கோயில் தேர் போல இடமும் வலமும் ஆடியது. "ரிம்மு கோணல். ஒம்பது ரூபா போச்சு." முன்பக்கம் குனிந்தார். "போர்க்குல பத்த வச்சிருக்கு. எங்க விழுந்தீக? இது இருபத்தஞ்சு." செயினைத் தூக்கிப் பார்த்தார். "செயினு இழுத்துருச்சு." பெடலை ஆட்டினார். அச்சும் தேய்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "அய்யய்யோ" என்று கோரஸ் பாடியது. கடைசியில் செல்வதுரை கையைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சு அண்ணாச்சி" என்றார்.

"ஏய், முதல்ல சொன்ன நூறைக் குடுப்பா!"

"அது பார்க்காம சொன்னது. இப்பப் பாத்துட்டேனே."

மொக்கையன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். போய்விடவில்லை. தவசியும் இதே குழியில் விழுவதைப் பார்க்காமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது. கூட்டமும் தவசியின் பக்கம் திரும்பியது.

"தவசியண்ணே, விடாதீக!"

"துண்டைப் போடுங்க!"

"ரொக்க விலை நூத்தித் தொண்ணூறுன்னு கேளுங்கண்ணே, எனக்கே தெரியும்!"

செல்வதுரை நாற்காலியில் சாய்ந்தபடி மயிலையை ஒரு கண்ணால் பார்த்தார். மொட்டையாக இருந்ததைக் கவனித்தார். கேரியரைக் கழற்றுகிற வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார். "என்ன அண்ணாச்சி? இருநூத்தி இருபது, பழசுக்கு நூறு, மேல நூத்தி இருபது. ஏத்திப் பாப்போமா, எடுத்துக்கிடுதீகளா?"

அந்தக் கணத்தில் தவசியின் உடலுக்குள் நடந்ததை விவரிக்க எனக்குத் திறமை போதாது. இருபது வருஷப் பழக்கத்தில் வலது கை துண்டை நோக்கிப் புறப்பட்டது. இடது கை அதைப் பாதி வழியில் மறித்துப் பிடித்தது. நாக்கு 'நூத்திப்ப' என்று ஆரம்பித்தது. பற்கள் அதைக் கடித்தன. நெற்றியில் வேர்வை ஓடியது. பக்கத்தில் நின்ற ஒருவர் இதை வலிப்பு என்று எண்ணி, கையில் கொடுக்க ஒரு இரும்பு ஸ்பானரை எடுத்து வைத்துக்கொண்டார்.

"மழை வரும்போல இருக்கு" என்றார் தவசி கடைசியில், வானத்தைப் பார்த்து. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"வரும், வரும்" என்றார் செல்வதுரை. அவரும் வானத்தைப் பார்த்தார்.

தவசி மடியிலிருந்து பணத்தை எடுத்தார். நூற்று இருபதை மேஜைமேல் வைத்தார். பிறகு, கூட்டத்தில் முன்வரிசைக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு, தலையை ஒரே ஒரு முறை மேலும் கீழும் அசைத்தார்.

"முதல் விலைக்கா?" என்று மொக்கையன் கேட்டது தெரு முனை வரை எட்டியது. "ஏலே, முதல் விலைக்கா?"

செல்வதுரை பச்சைக் கோடு போட்ட வண்டியை இறக்கினார். பிரேமில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்து ரசீதில் எழுதிக் கொடுத்தார். மயிலையை உள்ளே தள்ளிக்கொண்டு போகையில் பிரீவீல் ஒருமுறை வழுக்கியது. அவர் நின்று, திரும்பி, தவசியைப் பார்த்தார். தவசி ரசீதில் உள்ள நம்பரை மிகுந்த பக்தியோடு வாசித்துக்கொண்டிருந்தார். செல்வதுரை சிரித்துவிட்டு உள்ளே போனார். இருவரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

கடைப் பையன்களிடம் கூலி கேட்காமல், தவசி தானே சாக்கை அவிழ்த்தார். டைனமோவை மாட்டினார். கேரியரை முடுக்கினார். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. பார்க்க வந்த சண்டை நடக்காத வருத்தம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

திருச்சுழிச் சாலையில் ஊர் தாண்டியதும் யாருமில்லை. நாலு மிதிக்கு நாலு மிதியும் வண்டி நகர்ந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் தவசி இறங்கினார். பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உருவி, புது வண்டியின் கைப்பிடிக்குக் கீழே, காளையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு ஏறி மிதித்தார்.